பெங்களூருவுக்கு எத்தனை பருவங்கள்? கே-மீன்ஸ் கொத்தாக்கமும் முழங்கை வரைபடமும்

ஓர் ஆண்டை எத்தனை பருவங்களாகப் பிரிக்க வேண்டும் என்ற கேள்விக்கு ஒரே விடை என்றுமே இருந்ததில்லை. பழந்தமிழ் மரபு கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று இரண்டிரண்டு மாதங்களாக ஆறு பெரும்பொழுதுகளை வகுத்தது. இந்திய வானிலைத் துறையோ ஜனவரி முதல் பிப்ரவரி வரை குளிர்காலம், மார்ச் முதல் மே வரை பருவமழைக்கு முந்தைய காலம், ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதற்குப் பிந்தைய காலம் என்று நான்காக வகுக்கிறது. இந்தப் பகுப்புகளில் எதையும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளாமல், ஓர் ஊரின் வெயிலையும் மழையையும் மட்டும் வைத்து, எந்தெந்த மாதங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன என்று கணக்கிட்டுப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி. அதற்குரிய கருவி கே-மீன்ஸ் கொத்தாக்கம், ஊர் பெங்களூரு, தரவுத் தொகுதியோ பன்னிரண்டு வரிகளே கொண்டது. தொகுதி சிறியதாக இருப்பதால் கணக்கின் ஒவ்வோர் அடியையும் தாளில் போட்டுச் சரிபார்க்க முடியும்.

பன்னிரண்டு புள்ளிகள்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில், தக்காணப் பீடபூமியின் தென்பகுதியில், மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே பெங்களூரு அமைந்துள்ளது. அந்த மலைத்தொடர் தென்மேற்குப் பருவக்காற்றின் மழையில் பெரும்பகுதியைத் தன் மேற்குச் சரிவிலேயே வாங்கிக்கொள்வதால், ஜூன், ஜூலை மாதங்களில் இந்நகருக்கு மிதமான மழையே கிடைக்கிறது. ஆண்டின் மிகுந்த மழை, பருவக்காற்று பின்வாங்கத் தொடங்கும் செப்டம்பரிலும் அதையடுத்த அக்டோபரிலும் பெய்கிறது. கீழே உள்ள எண்கள் நகரத்தின் நீண்டகாலச் சராசரிகளை ஒட்டி, கையால் கணக்கிட எளிதாக இருக்கும்பொருட்டு முழு எண்களாகத் தோராயப்படுத்தப்பட்டவை. வெப்பநிலை என்பது அந்த மாதத்தில் அன்றாட உச்ச வெப்பநிலைகளின் சராசரி. மழை என்பது மாதத்தின் மொத்த மழை.

| மாதம் | உச்ச வெப்பநிலை (டிகிரி செல்சியஸ்) | மழை (செ.மீ.) | மழை (அலகு) |
|---|---|---|---|
| ஜனவரி | 28 | 0 | 0 |
| பிப்ரவரி | 30 | 1 | 0.4 |
| மார்ச் | 33 | 1 | 0.4 |
| ஏப்ரல் | 34 | 5 | 2.0 |
| மே | 33 | 12 | 4.8 |
| ஜூன் | 30 | 10 | 4.0 |
| ஜூலை | 28 | 11 | 4.4 |
| ஆகஸ்ட் | 28 | 15 | 6.0 |
| செப்டம்பர் | 29 | 20 | 8.0 |
| அக்டோபர் | 28 | 17 | 6.8 |
| நவம்பர் | 27 | 5 | 2.0 |
| டிசம்பர் | 27 | 2 | 0.8 |

வெப்பநிலையைக் கிடை அச்சிலும் மழையைச் செங்குத்து அச்சிலும் வைத்தால் ஒவ்வொரு மாதமும் தாளில் ஒரு புள்ளியாகிவிடும். இரண்டு மாதங்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதை அவற்றின் புள்ளிகளுக்கு இடையிலான தொலைவு காட்டும். ஆனால் ஒரு டிகிரி வெப்ப வேறுபாட்டையும் ஒரு சென்டிமீட்டர் மழை வேறுபாட்டையும் சமமாகக் கருதலாமா என்ற கேள்விக்கு முதலில் விடை கண்டாக வேண்டும். இந்தப் பன்னிரண்டு மாதங்களில் வெப்பநிலையின் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து மாதங்கள் எவ்வளவு விலகிச் சிதறியுள்ளன என்பதன் அளவு, சுமார் 2.4 டிகிரி, மழையின் திட்ட விலக்கம் சுமார் 6.6 சென்டிமீட்டர். மழையை இரண்டரை சென்டிமீட்டருக்கு ஓர் அலகு என்று எடுத்துக்கொண்டால் அதன் திட்ட விலக்கம் 2.6 ஆகி, இரு அளவுகளும் ஏறத்தாழ ஒரே எடையைப் பெறுகின்றன. அட்டவணையின் கடைசி நெடுவரிசை இந்த அலகில் தரப்பட்டுள்ளது. இனி வரும் கணக்குகள் அனைத்தும் அதையே பயன்படுத்துகின்றன.

மையமும் கொத்தும்

கே-மீன்ஸ் என்னும் பெயரில் ‘கே’ என்பது வேண்டிய கொத்துகளின் எண்ணிக்கையையும், ‘மீன்ஸ்’ என்பது சராசரிகளையும் குறிக்கின்றன. ஜேம்ஸ் மக்குயின் 1967-இல் வெளியிட்ட கட்டுரையில் இந்தப் பெயரைச் சூட்டினார். அதற்கு முன்பே, 1957-இல், பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஸ்டூவர்ட் லாய்ட் இதே முறையை வகுத்திருந்தாலும், அவருடைய கட்டுரை 1982-இல்தான் இதழில் அச்சேறியது. இன்று பெரும்பாலான கணினி நிரல்களில் இயங்குவது லாய்டின் முறையே.

அந்த முறைக்கு இரண்டே அடிகள் உள்ளன. முதலில் கே எண்ணிக்கையிலான தொடக்க மையங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு புள்ளியையும் அதற்கு மிக அருகில் உள்ள மையத்தோடு சேர்க்க வேண்டும். பிறகு, அப்படி உருவான ஒவ்வொரு கொத்திலும் உள்ள புள்ளிகளின் சராசரியைக் கணக்கிட்டு, மையத்தை அந்தச் சராசரிக்கு நகர்த்த வேண்டும். மையங்கள் நகர்ந்ததும் சில புள்ளிகளுக்கு வேறொரு மையம் அருகில் வந்திருக்கலாம் என்பதால் முதல் அடிக்குத் திரும்ப வேண்டும். எந்தப் புள்ளியும் கொத்து மாறாத நிலை வரும்போது கணக்கு நிற்கிறது.

இந்த முறை குறைக்க முயலும் அளவுக்கு இங்கே சிதறல் தொகை என்று பெயரிடலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் மையத்துக்கும் உள்ள தொலைவை வர்க்கப்படுத்தி, அனைத்தையும் கூட்டினால் வருவதே அது. ஒரு புள்ளியை அருகிலுள்ள மையத்துக்கு மாற்றும்போது இந்தத் தொகை குறைகிறது. எந்தப் புள்ளிக் கூட்டத்துக்கும் வர்க்கத் தொலைவுகளின் கூட்டுத்தொகையை மிகக் குறைவாக்கும் இடம் அதன் சராசரியே என்பதால், மையத்தைச் சராசரிக்கு நகர்த்தும்போதும் தொகை கூடுவதில்லை. ஒவ்வோர் அடியிலும் தொகை குறைந்துகொண்டோ நிலைத்தோ இருப்பதாலும், புள்ளிகளைக் கொத்துகளாகப் பிரிக்கும் வழிகள் முடிவுள்ளவை என்பதாலும், கணக்கு என்றாவது ஓரிடத்தில் நின்றே தீரும்.

பெங்களூருவின் மாதங்களை மூன்று கொத்துகளாக்க, எந்த யோசனையும் இன்றி அட்டவணையின் முதல் மூன்று மாதங்களான ஜனவரி, பிப்ரவரி, மார்ச் ஆகியவற்றையே தொடக்க மையங்களாகக் கொள்வதாக வைத்துக்கொள்ளலாம். ஜூலையின் புள்ளி (28, 4.4). ஜனவரியின் புள்ளியான (28, 0) இலிருந்து அதன் வர்க்கத் தொலைவு 19.36, பிப்ரவரியின் (30, 0.4) இலிருந்து 4 + 16, அதாவது 20. மிகச் சிறிய வேறுபாட்டில் ஜூலை ஜனவரியோடு சேர்கிறது. ஆகஸ்டோ ஜனவரியிலிருந்து 36, பிப்ரவரியிலிருந்து 35.36 என்ற தொலைவில் இருப்பதால் பிப்ரவரியோடு சேர்கிறது. இப்படியே எல்லா மாதங்களையும் சேர்த்தால் ஜனவரி, ஜூலை, நவம்பர், டிசம்பர் ஒரு கொத்தாகவும், பிப்ரவரி, ஜூன், ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் இன்னொரு கொத்தாகவும், மார்ச், ஏப்ரல், மே மூன்றாவது கொத்தாகவும் அமைகின்றன. வறண்ட பிப்ரவரி மழை மாதங்களோடும், ஈரமான ஜூலை வறண்ட மாதங்களோடும் நிற்கும் இந்தப் பகுப்பு பொருந்தாதது என்பது பார்த்தவுடனே தெரிகிறது. மையங்களைச் சராசரிகளுக்கு நகர்த்திய பின்னும் அதன் சிதறல் தொகை 62.0.

புதிய மையங்கள் (27.5, 1.8), (29, 5.04), (33.3, 2.4) ஆகிய இடங்களில் உள்ளன. இப்போது பிப்ரவரியின் வர்க்கத் தொலைவு முதல் மையத்துக்கு 8.2, இரண்டாவதுக்கு 22.5, மூன்றாவதுக்கு 15.1, ஆகவே அது முதல் கொத்துக்கு நகர்கிறது. ஜூலையின் தொலைவு முதல் மையத்துக்கு 7.0, இரண்டாவதுக்கு 1.4, ஆகவே அது இரண்டாவது கொத்துக்கு நகர்கிறது. வேறு எந்த மாதமும் இடம் மாறவில்லை. மீண்டும் சராசரி எடுத்து, மீண்டும் தொலைவுகளைப் பார்த்தால் எந்த மாதமும் அசையவில்லை, கணக்கு நின்றுவிட்டது.

கிடைத்த மூன்று கொத்துகள் இவை: மார்ச் முதல் மே வரை வெயில் மாதங்கள், ஜூன் முதல் அக்டோபர் வரை மழை மாதங்கள், நவம்பர் முதல் பிப்ரவரி வரை வறண்ட, இதமான மாதங்கள். அவற்றின் சிதறல் முறையே 10.6, 14.3, 8.2, மொத்தம் 33.1. டிசம்பரை அடுத்து ஜனவரி வரும் என்பதோ, மாதங்களுக்கு வரிசை உண்டு என்பதோ இந்தக் கணக்குக்குச் சொல்லப்படவே இல்லை. அதற்குத் தெரிந்தவை இரண்டு எண்கள் மட்டுமே. அப்படியிருந்தும் மூன்று கொத்துகளும் இடைவெளியின்றித் தொடரும் மாதங்களாக அமைந்திருப்பது, கொத்துகள் வெறும் தற்செயல் அல்ல என்பதற்கு வெளியிலிருந்து கிடைக்கும் ஒரு சான்றாகும்.

தவறான இடத்தில் நிற்கும் கணக்கு

கணக்கு நின்றுவிட்டது என்பதற்கும் சிறந்த விடை கிடைத்துவிட்டது என்பதற்கும் வேறுபாடு உண்டு. பன்னிரண்டு மாதங்களை மூன்று கொத்துகளாகப் பிரிக்க 86,526 வழிகள் உள்ளன. லாய்டின் முறை அவை அனைத்தையும் பார்ப்பதில்லை. தொடங்கிய இடத்திலிருந்து இறங்கிச் சென்று, அதற்கு மேல் இறங்க வழியில்லாத முதல் பள்ளத்தில் தங்கிவிடுகிறது. அதைவிட ஆழமான பள்ளம் வேறெங்கோ இருப்பது அதற்குத் தெரிவதில்லை.

மேலே எடுத்துக்கொண்ட பொருத்தமற்ற தொடக்கம் நல்ல விடையில் முடிந்ததைப் போலவே, பொருத்தமாகத் தோன்றும் தொடக்கம் மோசமான விடையில் முடிவதும் உண்டு. வெயில் தொடங்கும் மார்ச், பருவமழை தொடங்கும் ஜூன், குளிர் தொடங்கும் டிசம்பர் ஆகிய மூன்றையும் தொடக்க மையங்களாகக் கொள்வதைவிட இயல்பான தேர்வு இருக்க முடியாது என்று தோன்றலாம். ஆனால் பிப்ரவரியின் வர்க்கத் தொலைவு மார்ச்சுக்கு 9.00, டிசம்பருக்கு 9.16 என்பதால் அது வெயில் மாதங்களோடு சேர்ந்துவிடுகிறது. இடியுடன் கூடிய கோடைமழை பெறும் மே மாதம் மார்ச்சைவிட ஜூனுக்கு அருகில் இருப்பதால் மழை மாதங்களோடு சேர்ந்துவிடுகிறது. சராசரிகளை எடுத்த பிறகும் இந்த இரண்டு மாதங்களும் தத்தம் புதிய மையங்களுக்கே சற்று அருகில் இருப்பதால் எதுவும் நகரவில்லை. கணக்கு முதல் சுற்றிலேயே நின்றுவிடுகிறது. சிதறல் தொகையோ 44.4, அதாவது முந்தைய விடையைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம்.

இதைக் கண்டறிய எளிய வழி, வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து கணக்கைப் பலமுறை ஓட்டி, மிகக் குறைந்த சிதறல் தொகை தரும் விடையை வைத்துக்கொள்வதே. கீழே உள்ள சிறு நிரலில் `n_init=50` என்ற சொல் ஐம்பது தொடக்கங்களை முயன்று பார்க்கச் சொல்கிறது. `inertia_` என்பது சிதறல் தொகைக்கு அந்த நிரலகம் வைத்திருக்கும் பெயர்.

```python
import numpy as np
from sklearn.cluster import KMeans

t = np.array([28,30,33,34,33,30,28,28,29,28,27,27])
r = np.array([0,1,1,5,12,10,11,15,20,17,5,2]) / 2.5
X = np.column_stack([t, r])

for k in range(1, 7):
    m = KMeans(n_clusters=k, n_init=50, random_state=1).fit(X)
    print(k, round(m.inertia_, 1))
```

முழங்கை எங்கே மடிகிறது

இதுவரை கொத்துகளின் எண்ணிக்கை மூன்று என்பது காரணம் சொல்லப்படாமலே எடுத்துக்கொள்ளப்பட்டது. கே-மீன்ஸ் அந்த எண்ணைத் தானே கண்டுபிடிப்பதில்லை. எத்தனை கேட்டாலும் அத்தனை கொத்துகளைப் பிரித்துத் தந்துவிடும். சிதறல் தொகை குறைவாக இருப்பதே நல்லது என்று மட்டும் வைத்துக்கொண்டாலும் விடை கிடைக்காது. ஏனெனில் ஒவ்வொரு மாதத்தையும் தனிக் கொத்தாக்கிவிட்டால் தொகை பூச்சியமாகிவிடும், ஆனால் பன்னிரண்டு மாதங்களைப் பன்னிரண்டு பருவங்கள் என்று சொல்வது எதையும் சொன்னதாகாது. கொத்துகளைக் கூட்டக் கூட்ட, குறைந்தபட்சத் தொகை குறைந்துகொண்டேதான் போகும். ஆகவே கவனிக்க வேண்டியது தொகையை அல்ல. இன்னொரு கொத்தைச் சேர்ப்பதால் அது எவ்வளவு குறைகிறது என்பதை. உளவியலாளர் ராபர்ட் தார்ன்டைக் 1953-இல் ‘சைக்கோமெட்ரிகா’ இதழில் எழுதிய கட்டுரையில் இந்த எண்ணத்தின் தொடக்கத்தைக் காணலாம்.

| கொத்துகள் | சிதறல் தொகை | முந்தையதிலிருந்து குறைந்தது |
|---|---|---|
| 1 | 149.8 | |
| 2 | 81.9 | 68.0 |
| 3 | 33.1 | 48.8 |
| 4 | 22.4 | 10.7 |
| 5 | 14.8 | 7.6 |
| 6 | 9.2 | 5.5 |

கொத்துகளின் எண்ணிக்கையைக் கிடை அச்சிலும் சிதறல் தொகையைச் செங்குத்து அச்சிலும் குறித்துப் புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால், ஒன்றிலிருந்து மூன்று வரை கோடு செங்குத்தாக இறங்கி, மூன்றில் மடிந்து, அதன்பின் ஏறக்குறையப் படுத்துவிடுகிறது. தோளிலிருந்து தொங்கும் மேற்கையும் மடக்கி நீட்டிய முன்கையும் போலத் தோன்றுவதால் இதற்கு முழங்கை வரைபடம் என்று பெயர். மடிப்பு விழும் எண்ணே தேர்ந்தெடுக்க வேண்டிய எண்.

மடிப்பைக் கண்ணால் மட்டும் தேடுவது போதாது. செங்குத்து அச்சை நீட்டியோ சுருக்கியோ வரைந்தால் அதே எண்களே வேறு வடிவத்தில் தெரியும். அடுத்தடுத்த குறைவுகளை ஒன்றோடொன்று வகுத்துப் பார்ப்பது உறுதியான வழி. இரண்டாவது குறைவு முதல் குறைவில் 0.72 பங்கு, நான்காவது குறைவு மூன்றாவதில் 0.72 பங்கு, ஐந்தாவது குறைவு நான்காவதில் ஏறத்தாழ 0.73 பங்கு. இடையில் ஓரிடத்தில் மட்டும், அதாவது மூன்று கொத்துகளிலிருந்து நான்குக்குப் போகும்போது, குறைவு முந்தையதில் 0.22 பங்காகச் சட்டென்று சரிகிறது. அந்த ஒரு சரிவே முழங்கை.

இரண்டு கொத்துகள் கேட்டால் மே முதல் அக்டோபர் வரை ஈரமான அரையாண்டும், நவம்பர் முதல் ஏப்ரல் வரை உலர்ந்த அரையாண்டும் கிடைக்கின்றன; ஆனால் உலர்ந்த அரையாண்டில் 27 டிகிரி டிசம்பரும் 34 டிகிரி ஏப்ரலும் ஒன்றாக அடைக்கப்படுவதால் தொகை 81.9 என்ற உயரத்திலேயே நிற்கிறது. மூன்றாவது கொத்து அந்த நெருக்கடியைத் தீர்த்துவிடுகிறது. நான்காவது கொத்து எதைத் தீர்க்கிறது என்று பார்த்தால், முழங்கையின் பொருள் இன்னும் தெளிவாகும்.

நான்கு கொத்துகளுக்கு, தொடக்கத்தைப் பொறுத்து, கணக்கு பல வெவ்வேறு இடங்களில் நிற்க முடியும். அவற்றில் மூன்றைப் பார்க்கலாம். மே, ஜூன் இரண்டையும் சேர்த்துத் தனிக் கொத்தாக்கினால் தொகை 22.4, மழை மாதங்களை ஜூன்-ஜூலை என்றும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை என்றும் இரண்டாக்கினால் 23.6, மே மாதத்தை மட்டும் தனியே நிறுத்தினால் 24.3. இந்த மூன்று விடைகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை. ஒன்று மே மாதத்தை ஜூனோடு சேர்க்கிறது, இன்னொன்று ஏப்ரலோடு சேர்க்கிறது, மூன்றாவது எதனோடும் சேர்க்கவில்லை. ஆயினும் தொகைகளில் பெரிய வேறுபாடு இல்லை. மூன்று கொத்துகளில் தவறான விடை 44.4 என்று தள்ளி நின்று தன்னைத்தானே காட்டிக்கொடுத்தது. நான்கு கொத்துகளிலோ எது சரி என்று தரவால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. அட்டவணையின் எண்கள் ஒரு சென்டிமீட்டர் அங்குமிங்கும் மாறினாலே முதலிடம் கைமாறக்கூடும். முழங்கைக்கு அப்பால் கிடைக்கும் கொத்துகள் பெரும்பாலும் இத்தகையவை: அவை ஒரு கொத்தின் உட்சிதறலை ஏதோ ஓரிடத்தில் வெட்டுகின்றனவே தவிர, ஏற்கெனவே இருக்கும் ஓர் இடைவெளியைக் கண்டு வெட்டுவதில்லை. ஆறு கொத்துகள் வரை சென்றால் பிப்ரவரியும் மேயும் ஒற்றை மாதக் கொத்துகளாகத் தனித்து நிற்கின்றன. பழந்தமிழ் மரபின் ஆறு பெரும்பொழுதுகள் இந்த இரண்டு எண்களிலிருந்து பிறப்பவை அல்ல.

பொய் முழங்கை

முழங்கை தெரிகிறது என்பதாலேயே கொத்துகள் இருக்கின்றன என்று முடிவுகட்டுவது ஆபத்தானது. ஒரு நேர்கோட்டில் 1, 2, 3 என்று 12 வரை சம இடைவெளியில் பன்னிரண்டு புள்ளிகளை வைத்தால், அவற்றில் எந்தக் கொத்தும் இல்லை. ஆனாலும் அவற்றின் சிதறல் தொகை ஒரு கொத்துக்கு 143, இரண்டுக்கு 35, மூன்றுக்கு 15, நான்குக்கு 8 என்று இறங்குகிறது. முதல் குறைவு 108, அடுத்தது 20. வரைந்து பார்த்தால் இரண்டில் மிக அழகான முழங்கை தெரியும். ஒரே திசையில் சீராகப் பரவிய எந்தத் தரவையும் இரண்டாக வெட்டினால் தொகை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிடும் என்பதே அதற்குக் காரணம். அந்த மடிப்பு வெட்டும் செயலின் விளைவு, தரவின் இயல்பு அன்று.

மழையை எந்த அலகில் எழுதுவது என்ற தொடக்கக் கேள்வி இங்கே மீண்டும் வந்து நிற்கிறது. பெரும்பாலான பதிவேடுகளில் இருப்பதுபோல மழையை மில்லிமீட்டரில் வைத்து, எதையும் சமன்படுத்தாமல் கணக்கிட்டால், மொத்தச் சிதறலில் மழையின் பங்கு 51,825 ஆகவும் வெப்பநிலையின் பங்கு 67 ஆகவும் அமையும். அப்போது கணக்குக்கு வெயில் என்ற ஒன்றே தெரியாது. ஏப்ரலும் நவம்பரும் ஒரே அளவு மழை பெறுவதால், ஏழு டிகிரி வேறுபாட்டையும் மீறி இரண்டும் அருகருகே அமர்ந்துவிடும். சிதறல் தொகை ஒரு கொத்துக்கு 51,892, இரண்டுக்கு 9,883, மூன்றுக்கு 3,860 என்று இறங்கி, முழங்கை இரண்டில் விழும். இரு திசைத் தரவு அலகின் பிழையால் ஒரு திசைத் தரவாகிவிட்டதே இதற்குக் காரணம். இரண்டில் தெரியும் அந்த முழங்கையும், கொத்துகளே இல்லாத சம இடைவெளிப் புள்ளிகள் காட்டிய முழங்கைக்கு நெருங்கிய உறவினது.

சமன்படுத்திய கணக்கில் மூன்றில் தெரிந்த முழங்கை இந்தச் சோதனையைத் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு சதுரத்தில் ஏராளமான புள்ளிகளைச் சீராகத் தூவி, அதை நான்கு சிறு சதுரங்களாக வெட்டினால் சிதறல் தொகை சரியாக நான்கில் ஒரு பங்காகும். அதாவது கொத்தே இல்லாத இரு திசைத் தரவில் கால்பங்கை எட்ட நான்கு கொத்துகள் தேவைப்படுகின்றன. பெங்களூருவின் மாதங்களோ இரண்டு கொத்துகளில் 0.55 பங்கிலேயே நின்றுவிட்டு, மூன்றாவது கொத்திலேயே 0.22 பங்குக்கு, அதாவது கால்பங்குக்கும் கீழே, இறங்கிவிடுகின்றன. பன்னிரண்டே புள்ளிகள் என்பதால் இதை இறுதி நிறுவலாகக் கொள்ள முடியாது. எனினும் தொடரும் மாதங்களாக அமைந்த கொத்துகள், குறைவுகளின் விகிதத்தில் ஒரே இடத்தில் விழுந்த சரிவு, நான்கில் தோன்றிய முரண்பாடு ஆகிய அனைத்தும் ஒரே எண்ணைச் சுட்டுகின்றன.

அளவுகளின் அலகும் அவற்றுக்கிடையிலான தொடர்பும் தொலைவைக் குலைக்கும் என்பதை உணர்ந்து, அவற்றைக் கணக்கில் கொள்ளும் ஒரு தொலைவை 1936-இல் வகுத்தளித்தவர், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய பிரசாந்த சந்திர மகலனோபிஸ். அவர் கல்கத்தாவில் தொடங்கிய அந்த நிறுவனத்தின் ஒரு மையம் இன்று பெங்களூருவின் மைசூர் சாலையில் இயங்குகிறது. கொத்தாக்கத்தில் பிழைகள் நுழையும் இடம் கொத்தாக்கும் முறை மட்டும் அல்ல, அதற்கு முன் செய்யப்படும் அலகுத் தேர்வும்கூட என்பதை, மில்லிமீட்டருக்கு மாறியவுடன் மூன்றிலிருந்து இரண்டுக்கு இடம்பெயர்ந்த முழங்கை காட்டிவிடுகிறது.

கணக்கு சொல்வதும் சொல்லாததும்

வானிலைத் துறையின் நான்கு பருவங்களோடு இந்த மூன்றையும் ஒப்பிட்டால், மார்ச் முதல் மே வரையிலான பகுதி இரண்டிலும் ஒன்றாகவே இருக்கிறது. வேறுபாடு ஆண்டின் பிற்பகுதியில் உள்ளது: அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான பருவம் பெங்களூருவில் ஒரே பருவமாக நிற்கவில்லை. 17 சென்டிமீட்டர் மழை பெறும் அக்டோபர் செப்டம்பரோடு சேர்ந்துகொள்கிறது; நவம்பரும் டிசம்பரும் ஜனவரியோடும் பிப்ரவரியோடும் சேர்ந்துகொள்கின்றன. இதனால் வானிலைத் துறையின் பகுப்பு தவறாகிவிடாது. அது காற்றின் திசையையும் நாடு முழுவதற்குமான பருவமழை ஓட்டத்தையும் கருதி வகுக்கப்பட்டது. அக்டோபர் மழைக்கும் ஜூலை மழைக்கும் காரணம் வேறு என்பது கன்னட உழவர்களுக்கும் தெரியும். முன்னதை ஹிங்காரு என்றும் பின்னதை முங்காரு என்றும் அவர்கள் பிரித்தே வழங்குகிறார்கள். கே-மீன்ஸுக்குத் தரப்பட்ட இரண்டு எண்களில் காற்றின் திசை இல்லை; ஆகவே அந்த வேறுபாட்டை அது கண்டுபிடிக்கவும் இயலாது.

இதே மூன்று கொத்துகளைச் சென்னைக்குக் கொண்டுபோவதும் பொருந்தாது. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் அந்த நகரில் நவம்பரே மிகுந்த மழை பெறும் மாதம். பெங்களூருவில் வறண்ட கொத்துக்குள் சென்ற அந்த மாதம் சென்னையில் மழைக் கொத்தின் நடுவில் நிற்கும். கொத்துகள் தரவுக்கு உரியவை; தரவு மாறினால் முதலிலிருந்து அனைத்தையும் மீண்டும் செய்ய வேண்டும்: அலகைச் சமன்படுத்துவது, பல தொடக்கங்களிலிருந்து ஓட்டுவது, குறைவுகளை வகுத்துப் பார்ப்பது, முழங்கைக்கு அடுத்த எண்ணில் விடைகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றனவா என்று சோதிப்பது ஆகிய நான்கும்.

அந்த நான்கையும் செய்து பார்த்த அளவில், உச்ச வெப்பநிலை, மழை என்ற இரண்டு அளவுகளுக்குச் சம எடை கொடுத்தால், பெங்களூருவின் ஆண்டு மூன்று மாத வெயிலாகவும், ஐந்து மாத மழையாகவும், நான்கு மாத உலர்ந்த இதமாகவும் பிரிகிறது. நான்காவது பருவத்துக்கு இந்த எண்களில் சான்று இல்லை.